புத்தகத்தில் ஒரு தொகை, வங்கியில் ஒரு தொகை

கிராமச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது அங்கத்தவர்கள் காது கொடுத்துக் கேட்பது பெரும்பாலும் கடைசி வரியை மட்டுந்தான். "வங்கியில் மீதி இவ்வளவு" என்று அவர் சொன்னதும் கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடும். அந்த மீதி எங்கிருந்து எடுக்கப்பட்டது, சங்கத்தின் காசேட்டிலிருந்தா அல்லது வங்கி தந்த கூற்றிலிருந்தா என்று எவரும் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றாய் இருக்கும் என்பதே எல்லாருடைய நினைப்பும். ஆனால் காசோலைப் புழக்கம் உள்ள எந்தச் சங்கத்திலும் மாத முடிவில் இவை இரண்டும் ஒத்திருப்பது அருமை. ஒத்திராதது குற்றமல்ல. ஏன் ஒத்திருக்கவில்லை என்பதை வரி வரியாகச் சொல்ல முடியாதிருப்பதே ஆபத்து.

இதனை விளக்க, பெரும்போகத்துக்கு முன் அங்கத்தவருக்குக் கடன் வழங்கும் ஒரு கமக்காரர் சங்கத்தின் செப்டெம்பர் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விளங்குவதற்காகத் தொகைகளைச் சுருக்கி அமைத்திருக்கிறோம். ஆனால் இதில் வரும் பிசகுகள் எல்லாம் எமது கிராமங்களில் வழமையாக வருபவையே.

மாத முடிவில் காசேட்டின்படி வங்கியில் இருக்கவேண்டிய மீதி 118,100 ரூபா. வங்கிக் கூற்றின்படி இருப்பதோ 155,550 ரூபா. வித்தியாசம் 37,450 ரூபா. செயற்குழுவில் ஒருவர், "வங்கியில் கூடத்தானே கிடக்குது, குறையேல்லையே, பிறகென்ன?" என்றார். இந்தச் சங்கத்தில் ஒரு பெண்ணின் விதைப்புக் கடன் அந்தக் கூடுதல் தொகைக்குள் மறைந்து கிடந்தது. அவர் கடன் தவணை கட்டவில்லை என்று நிலுவைப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டு, பெரும்போகக் கடன் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருந்தது. "தம்பி, என்ரை மகன் போன மாதமே அனுப்பிப்போட்டான்" என்று அவர் செயலாளரிடம் இரண்டு தடவை வந்து சொல்லியும், காசேட்டில் இல்லாதபடியால் ஒருவரும் நம்பவில்லை.

முதலில் கூற்றையே சோதிக்க வேண்டும்

முன்னர் வங்கிக் கூற்று அச்சடித்த தாளாக வந்தது. இப்போது அநேகமான வங்கிகள் அதனை மின்னஞ்சலிலும் அனுப்புகின்றன. கிராமத்தில் கணினி தெரிந்த ஒரு பிள்ளை அதிலுள்ள வரிகளைப் பிரித்தெடுத்து விரிதாளில் போட்டுத் தருவது வழக்கமாகிவிட்டது. நல்ல உதவிதான். ஆனால் அப்படிப் பிரித்தெடுத்த வரிகளை உடனே காசேட்டோடு ஒப்பிடத் தொடங்கினால், வங்கியும் சங்கமும் செய்யாத பிழைகளைத் தேடி நாட்கணக்கில் அலைய நேரும். பிரித்தெடுக்கும்போது பக்கம் மாறும் இடத்தில் ஒரு வரி விடுபடலாம். விபரம் நீளமாக இருந்தால் ஒரு வரி இரண்டாக உடையலாம். வந்த காசு போன காசின் நிரலில் விழலாம்.

இந்தச் சங்கத்தின் கூற்றிலுள்ள வரிகள் இவை. DR என்பது எமது கணக்கிலிருந்து போனது; CR என்பது எமது கணக்குக்கு வந்தது. தொடக்க மீதி 246,500 ரூபா. காசேட்டிலும் அதே தொகைதான்.

| திகதி | விபரம் | DR | CR | மீதி |
|---|---|---|---|---|
| 02/09 | வைப்பு | | 32,000 | 278,500 |
| 05/09 | காசோலை 104417 | 85,600 | | 192,900 |
| 09/09 | வைப்பு | | 27,500 | 220,400 |
| 12/09 | காசோலை 104418 | 48,600 | | 171,800 |
| 16/09 | வைப்பு | | 26,000 | 197,800 |
| 16/09 | வைப்பு | | 15,000 | 212,800 |
| 19/09 | காசோலை 104419 | 50,000 | | 162,800 |
| 22/09 | CEFT | | 12,000 | 174,800 |
| 25/09 | வங்கிக் கட்டணம் | 750 | | 174,050 |
| 28/09 | காசோலை 104421 | 18,500 | | 155,550 |

கடைசி நிரலில் உள்ள மீதிதான் எமக்குச் சாட்சி. முன் வரியின் மீதியிலிருந்து போனதைக் கழித்து, வந்ததைக் கூட்டினால் இந்த வரியின் மீதி வரவேண்டும். ஒரு வரியேனும் பொய்த்தால் அந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. பென்சிலாலும் செய்யலாம். விரிதாளில் என்றால், திகதி A, விபரம் B, DR C, CR D, மீதி E என்றும், இரண்டாம் வரி தொடக்க மீதி என்றும் வைத்து, மூன்றாம் வரியின் F கட்டத்தில் இதை எழுதிக் கீழ்நோக்கி இழுத்துவிட வேண்டும்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரியிலும் 0 வந்தால் சங்கிலி அறவில்லை. இந்தச் சங்கத்தின் பிள்ளை முதலில் எடுத்த பிரதியில் 22ஆந் திகதி வரியில் மட்டும் -24,000 என்று வந்தது. அந்த வரியின் தொகையோ 12,000. வித்தியாசம் தொகையின் சரியான இரண்டு மடங்காக வந்தால், அத்தொகை எதிர்ப்பக்க நிரலில் விழுந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மூலத்தைப் பார்த்தபோது, அனுப்பியவரின் விபரம் நீண்டு வரி உடைந்ததால் வந்த காசு போன காசாகியிருந்தது. அதைக் கவனியாது விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் தவணைப் பணமே சங்கத்தின் செலவாகத் தோன்றியிருக்கும்! முழு வரியே விடுபட்டால் வித்தியாசம் அத்தொகையின் அளவாகவே வரும். தொகை எழுத்தாகப் பதிவாகியிருந்தால் கூட்டுத்தொகையில் அது சேராது. கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தொகைகளைச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும்.

திகதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கணினி அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் 05/09 என்பதை மே 9 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாட்களின் வரிகள் வருடமெங்கும் சிதறி, 13ஆந் திகதிக்குப் பின்னுள்ளவை மட்டும் எழுத்தாக நின்றால் காரணம் அதுவே.

வரிக்கு வரி கோடிடல்

சங்கிலி சரியென்று கண்டபின் காசேட்டைத் திறக்கலாம். காசேட்டில் பெறுவனவுப் பக்கத்தில் நாம் எழுதுவது வங்கிக் கூற்றில் CR நிரலிலும், கொடுப்பனவுப் பக்கத்தில் எழுதுவது DR நிரலிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு சோடியையும் கண்டு இரண்டு இடத்திலும் ஒரு சிறு அடையாளம் இட வேண்டும். சோடி கிடையாமல் இருபுறமும் எஞ்சுபவைதான் எமக்கு வேலை தருபவை.

எதை வைத்துச் சோடி சேர்ப்பது? தொகையை மட்டும் வைத்தல்ல. செப்டெம்பர் 18இல் இரண்டு அங்கத்தவருக்குத் தலா 50,000 ரூபா கடன் காசோலை எழுதப்பட்டது. இலக்கங்கள் 104419, 104420. வங்கிக் கூற்றில் 50,000 ஒரு தடவைதான் போயிருக்கிறது. தொகையை மட்டும் பார்ப்பவர் பட்டியலில் முதலில் கண்ட பெயருக்கு அடையாளம் இட்டுவிடுவார். இங்கே அதிட்டவசமாகச் சரியாகியிருக்கும். காசோலைகள் மாறி மாற்றப்பட்டிருந்தால் காசு கிடைத்தவர் கிடைக்காதவராகவும், கிடைக்காதவர் கிடைத்தவராகவும் ஆகியிருப்பார். காசோலைக்கு முதல் அடையாளம் அதன் இலக்கம், அடுத்தது தொகை. திகதி இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். நாம் எழுதிய நாள் வேறு, அது வங்கிக்குப் போன நாள் வேறு. காசேட்டு நாளுக்கு முன்னதாக ஒரு காசோலை வங்கியில் மாறியிருந்தால் மட்டும் காரணம் கேட்க வேண்டும்.

வைப்புகளுக்கு இலக்கம் இல்லை. வைப்புச் சீட்டின் அடிக்கட்டையும் அதிலுள்ள வங்கி முத்திரையுமே துணை. காசேட்டில் செப்டெம்பர் 16இல் 41,000 ரூபா வைப்பு என்று ஒரே வரியாக எழுதியிருக்கிறது. கூற்றில் அப்படி ஒரு தொகையே இல்லை. அவசரப்படுபவர் காசேட்டில் ஒன்றும் கூற்றில் இரண்டுமாக மூன்று வரிகளை "சோடியில்லாதவை" என்று ஒதுக்கிவிடுவார். அன்று அங்கத்தவரிடம் சேர்ந்த பணத்தைப் பொருளாளர் இரண்டு சீட்டில் கட்டியிருக்கிறார்: 26,000, 15,000. இரண்டும் சேர்ந்தால் 41,000. ஒரே நாளில் கூட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இத்தகைய பொய்ச் சந்தேகங்கள் குறையும். சீட்டுக்கு ஒரு வரி எழுதும் வழக்கம் இருந்தால் அவை வரவே மாட்டா.

காசோலை வரிகள் அதிகமாக இருந்தால் விரிதாள் உதவும். காசேட்டை BOOK என்ற தாளில், காசோலை இலக்கம் B நிரலிலும் தொகை C நிரலிலும் வர எழுதிக்கொண்டு, கூற்றுத் தாளில் காசோலை இலக்கத்தை மட்டும் G நிரலில் பிரித்து வைத்து, ஒவ்வொரு காசோலை வரிக்கும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

```
=COUNTIF(BOOK!B:B,G3)
=COUNTIFS(BOOK!B:B,G3,BOOK!C:C,C3)
```

முதலாவது, இந்த இலக்கம் காசேட்டில் உண்டா என்று கேட்கிறது. இரண்டாவது, இதே இலக்கம் இதே தொகையுடன் உண்டா என்று கேட்கிறது. இரண்டுக்கும் 1 வந்தால் சோடி சரி. இரண்டுக்கும் 0 வந்தால் அந்தக் காசோலை காசேட்டில் எழுதப்படவே இல்லை. முதலாவதற்கு 1, இரண்டாவதற்கு 0 என்றால் காசோலை ஒன்றுதான், தொகைதான் வேறு. எமது கணக்கில் 104418 அப்படித்தான் வந்தது. 2 வந்தால் ஒரே காசோலை காசேட்டில் இருமுறை ஏறியிருக்கிறது. இவ்வளவும் கூற்றிலிருந்து காசேட்டைப் பார்க்கும் வழி. அதேபோல் காசேட்டிலிருந்து கூற்றையும் பார்க்காவிட்டால் 104420 போல வங்கிக்குப் போகாத காசோலை ஒருபோதும் வெளிப்படாது.

எஞ்சியவை ஐந்து

அடையாளமிட்டு முடிந்ததும் இந்தச் சங்கத்தில் ஐந்து வரிகள் எஞ்சின.

இரண்டு, காலத்தால் வந்த வித்தியாசங்கள். செப்டெம்பர் 30 பின்னேரம் கட்டியதாகக் காசேட்டில் உள்ள 22,000 ரூபா கூற்றில் இல்லை. 104420 இலக்கக் காசோலை 50,000 ரூபாவும் வங்கிக்கு வரவில்லை. இவற்றுக்காகக் காசேட்டைத் திருத்தக் கூடாது. வங்கி எழுதும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் சும்மா காத்திருப்பதும் சரியல்ல. மாதக் கடைசி நாளின் வைப்பு அடுத்த மாத முதல் ஓரிரு வேலை நாட்களில் கூற்றில் வரவேண்டும். வராவிட்டால் முத்திரையிட்ட சீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வைப்பு" என்று எழுதி வைப்பது சங்கங்களில் நடக்கும் பழைய தந்திரம். மாதந்தோறும் கடைசி நாளில் ஒரு வைப்பு "வழியில்" நிற்குமானால் அது தற்செயல் அல்ல.

மூன்றாவது, 104418. பசளைக் கடைக்குக் கொடுத்த காசோலை. காசேட்டில் 46,800, வங்கியில் 48,600. வித்தியாசம் 1,800. வித்தியாசம் 9ஆல் மீதியின்றிப் பிரிபட்டால் அருகருகே உள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கெழுதுவோர் அறிந்த குறிப்பு. ஆனால் அது குறிப்பு மாத்திரமே, தீர்ப்பு அல்ல. இங்கே காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் கடையின் பற்றுச்சீட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் 48,600 இருந்தது. ஆகவே காசேட்டில் எழுதியவரின் கைதான் தவறியது. காசேட்டில் மேலும் 1,800 ரூபா கொடுப்பனவாக எழுதினால் சரி. அடிக்கட்டையில் 46,800 என்று இருந்திருந்தால் விடயம் முற்றிலும் வேறு. காசோலை கைமாறியபின் தொகை திருத்தப்பட்டிருக்கலாம். அப்போது காசேட்டைத் தொடாமல், செலுத்தப்பட்ட காசோலையின் பிரதியை வங்கியிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். "வங்கி சொல்வதுதானே சரி" என்று காசேட்டை வங்கிக்கு ஏற்ப மாற்றிவிடும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. களவு மறைவதற்கு அதைவிட வசதியான வழி கிடையாது.

நான்காவது, வங்கி அறவிட்ட 750 ரூபா. கூற்று வரும்வரை இது எமக்குத் தெரியாது. காசேட்டில் செலவாக எழுதிவிட வேண்டியதுதான்.

ஐந்தாவதுதான் அந்த 12,000 ரூபா. CEFT என்பது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே பணம் அனுப்பும் முறை. பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை, எவரும் வந்து கொடுக்கவும் இல்லை. ஆகவே காசேட்டுக்கு அது தெரியாது. அனுப்பியவர் பெயரின் பாதியே கூற்றில் இருந்தது. யாருடைய பணம் என்று அறிய, செப்டெம்பரில் 12,000 ரூபா தவணை உள்ளவர் யார் யார் என்று பேரேட்டைப் பார்த்தார்கள். மூன்று பேர். இருவருக்கு 16ஆந் திகதி காசாகக் கட்டிய பற்றுச்சீட்டு இருந்தது. எஞ்சியவர் அந்தப் பெண். ஆனாலும் எஞ்சியவர் என்பதற்காகவே அவர் பெயரில் எழுதியிருக்கக் கூடாது, எழுதவும் இல்லை. மகனிடமிருந்து பணம் அனுப்பிய பதிவைத் தொலைபேசியில் எடுப்பித்து, அதிலுள்ள திகதி, தொகை, தொடர் இலக்கம் மூன்றையும் கூற்றுடன் ஒப்பிட்டார்கள். ஒத்திருந்தன. அதன் பின் பற்றுச்சீட்டு எழுதி, காசேட்டிலும் பேரேட்டில் அவருடைய கணக்கிலும் பதிந்தார்கள். கடன் பட்டியல் இறுதியாகும் முன்னரே அவர் பெயர் திரும்ப ஏறியது. ஒக்டோபர் மழையோடு விதைப்புத் தொடங்கும் ஊரில் இரண்டு கிழமை பிந்தியிருந்தால் அந்தத் திருத்தத்தால் அவருக்குப் பெரிய பயன் இருந்திராது.

இனிக் கணக்கு முடிகிறது. காசேட்டு மீதி 118,100 உடன் 12,000 கூட்டி, 1,800, 750 இரண்டையும் கழித்தால் 127,550. வங்கி மீதி 155,550 உடன் வழியிலுள்ள 22,000 கூட்டி, மாற்றப்படாத 50,000 கழித்தால் அதுவும் 127,550. பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டிய தொகை இதுவே. 155,550 உண்டென்று நம்பி மேலும் கடன் கொடுத்திருந்தால், காசோலை பணமின்றித் திரும்பும் நிலைக்கு அண்மையில் சங்கம் நின்றிருக்கும்.

யார் செய்வது, புத்தகம் இல்லாவிட்டால் என்ன செய்வது

காசேடு எழுதுபவரே இதைச் செய்தால் பயன் பாதி. தன் கண்ணுக்குத் தன் பிழை தெரிவது அரிது. மறைக்க விரும்புபவருக்கு இது இன்னும் வசதி. பொருளாளர் எழுதட்டும், வேறொரு செயற்குழு அங்கத்தவர் ஒப்பிடட்டும். கூற்றையும் பொருளாளர் கைவழியே பெறாமல் வங்கியிலிருந்து நேரே பெறுவது நல்லது. பொருளாளரை அவமதிப்பதற்காக அல்ல. சந்தேகம் எழும் நாளில் அவரைக் காப்பாற்றப்போவதும் இந்த ஒப்பீடுதான்.

1995இலும் 2009இலும் இடம்பெயர்ந்த எத்தனையோ சங்கங்கள் புத்தகங்களை விட்டுவிட்டே வந்தன. இன்று வெள்ளத்தில் நனைந்து அழிபவையும் உண்டு. காசேடு போனால் வங்கிக் கூற்றைப் பெற்று அதிலிருந்து மீள எழுதத் தொடங்கலாம். ஆனால் கூற்றுக் காட்டுவது பாதிக் கதையைத்தான். 26,000 வைப்பு என்று அதில் இருக்கும். அது எந்த எந்த அங்கத்தவரின் காசு என்று இராது. வங்கிக்குப் போகாமல் கையிலேயே வந்து கையிலேயே போன காசு அதில் எங்கும் இராது. அதற்கு அங்கத்தவர் கையிலுள்ள பற்றுச்சீட்டுகளும் பாஸ் புத்தகங்களுமே ஆதாரம். ஒரு வைப்பு நாளுக்கு முந்திய சில நாட்களின் பற்றுச்சீட்டுகளை எல்லாரிடமும் சேர்த்துக் கூட்டினால் அந்த வைப்புத் தொகைக்குக் கிட்ட வரவேண்டும். குறைந்தால் யாரோ ஒருவரின் சீட்டு இன்னும் வந்து சேரவில்லை. கூடினால் வாங்கிய காசு முழுவதும் வங்கிக்குப் போகவில்லை என்று கேட்க இடமுண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். முடிந்தவர்கள் அதைத் தொலைபேசியில் படமெடுத்துத் தூரத்திலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம்.

ஒக்டோபர் மாத ஒப்பீடு புதிய தாளில் தொடங்கினாலும் அதன் முதல் வரிகள் செப்டெம்பரில் எஞ்சியவையே. 22,000 ரூபா ஒக்டோபர் 1ஆந் திகதிக் கூற்றில் வந்தது. திகதியைக் குறித்து அடையாளமிட்டாயிற்று. 104420 மட்டும் வரவில்லை. விசாரித்தபோது, அந்தக் காசோலையைப் பெற்ற அங்கத்தவரிடம் அடையாள அட்டை இல்லை, புதிய அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார், அதனால் வங்கிக் கணக்குத் திறக்க முடியவில்லை என்று தெரிந்தது. குறுக்குக் கோடிட்ட காசோலையைக் கணக்கில் இட்டுத்தான் மாற்ற முடியும். எமது நாட்டில் காசோலை எழுதிய நாளிலிருந்து 6 மாதம் கடந்தால் வங்கிகள் அதை மாற்றா. ஆகவே மார்ச் 18 என்ற திகதியை எஞ்சியவை பட்டியலில் அந்த வரிக்கு நேரே சிவப்பு மையால் எழுதிவிட்டு, அட்டை வந்ததும் அவரோடு வங்கிக்குப் போவதைச் செயலாளர் பொறுப்பேற்றுக்கொண்டார்.